பொருள்: சிறுபோக நீர் விநியோகப் பிரிவில் பயிலுநராக இணைய விண்ணப்பம்

பிரதி நீர்ப்பாசனப் பணிப்பாளர்,
மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம்,
கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில், அறிவியல் நகர் வளாகத்தில், மூன்றாம் ஆண்டில் பயில்கிறேன். இரணைமடுக் குளத்தின் சிறுபோக நீர் விநியோகத்தைத் தங்கள் உத்தியோகத்தர்களுடன் களத்தில் நின்று கற்க விரும்பி இதை எழுதுகிறேன்.

என் குடும்பம் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறது. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்து நீர் ஒன்றே கதி. குளத்தில் உள்ள நீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின்படி திறந்துவிடும் நீர் வாய்க்காலின் கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

அதற்காக, இடதுகரையின் உப வாய்க்கால் ஒன்றில் நீரிழப்பை அளக்கும் சிறு ஆய்வொன்றை விரிவுரையாளரின் வழிகாட்டலில் செய்தேன். நீரோட்டமானி கிடைக்கவில்லை, ஆகவே மிதவை முறையைக் கையாண்டேன். தோடம்பழத்தை மிதக்கவிட்டு, குறித்த தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பலமுறை எடுத்து, வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பாய்ச்சலைக் கணித்தேன். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைவாக ஓடுவதால், கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கினேன். புல் மண்டிய இடங்களிலும் நண்டு வளைகள் உள்ள கரையோரத்திலும் இழப்பு மிகுந்திருந்தது. சீமெந்து பூசிய பகுதியில் அது மிகக் குறைவு. துப்புரவு செய்ய வேண்டிய இடங்களைக் கமக்காரர் அமைப்பு முன்கூட்டியே தெரிவுசெய்ய இத்தகைய அளவீடு உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் என் அளவீடுகள் ஒரே வாய்க்காலுக்கு உரியவை. துருசு திறப்பிலிருந்து முறைவைத்து நீர் பகிர்வது வரை முழுவதையும் பார்த்தால்தான் அவற்றின் பெறுமதி எனக்கே விளங்கும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்தபின், மே 25 முதல் ஆகஸ்ட் 14 வரை, திங்கள் தொடக்கம் வெள்ளி வரை முழுநாளும் பணியாற்ற முடியும். ஜூலை இரண்டாம் வாரத்தில் ஆய்வுச் சமர்ப்பணம் இருப்பதால், அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் மட்டும் விடுப்புத் தேவைப்படும். வீட்டிலிருந்து வருவதால் தங்குமிடம் தேவையில்லை. அதிகாலையில் துருசு திறக்கும் வேளையிலும், தேவைப்பட்டால் சனிக்கிழமையும் வர ஆயத்தமாக உள்ளேன். கொடுப்பனவு இல்லாவிட்டாலும் சம்மதமே.

தரவுகளை எக்செல்லில் பதிவுசெய்யவும், கைபேசி ஜிபிஎஸ் கொண்டு இடங்களை வரைபடத்தில் குறிக்கவும் தெரியும். சிங்களத்தில் அலுவலகக் கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்வேன். எழுதுவதில் இன்னும் பயிற்சி வேண்டும்.

பீடாதிபதியின் பரிந்துரைக் கடிதம், பெறுபேற்றுப் பத்திரம், ஆய்வறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். நேர்முகத்திற்கு அழைத்தால் எந்த வேலைநாளிலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அலுவலகத்துக்கு வர முடியும். ஏப்ரல் இறுதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால், பீடத்தில் பயிற்சிப் பதிவை உரிய காலத்தில் செய்துகொள்வேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செ. கவிதா
விவசாய பீடம், மூன்றாம் ஆண்டு