7 ப்ளை கார்ட்டன் டெண்டர் 2026–27: ஒப்பந்தம் கிடைக்காத நிறுவனங்களுக்குக் கடிதம்

அனுப்புநர்
கொள்முதல் மேலாளர்,
பின்னலாடை ஏற்றுமதி ஆலை,
அவிநாசி சாலை, திருப்பூர்.

பெறுநர்
7 ப்ளை கார்ட்டன் டெண்டரில் பங்கேற்று, இம்முறை ஒப்பந்தம் கிடைக்காத ஐந்து நிறுவனங்களின் உரிமையாளர்கள்.

நாள்: 16.02.2026

பொருள்: 2026–27ஆம் ஆண்டுக்கான 7 ப்ளை கார்ட்டன் கொள்முதல் – டெண்டர் முடிவு – வைப்புத்தொகை திருப்பித் தருதல் – அடுத்த டெண்டர்கள் – தொடர்பாக.

பார்வை: 08.12.2025 தேதியிட்ட எங்கள் டெண்டர் அறிவிப்பு; 09.01.2026 அன்று உங்கள் முன்னிலையில் பிரிக்கப்பட்ட விலைப்புள்ளிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை எங்கள் ஆலைக்கு 7 ப்ளை கார்ட்டன் கொடுக்கும் ஒப்பந்தம், பெருந்துறைப் பக்கம் உள்ள வேறொரு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. இந்த முறை உங்களுக்கு ஆர்டர் தர முடியவில்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பொங்கல் நெருக்கத்தில், ஆள் பற்றாக்குறை உள்ள நேரத்தில், எங்களுக்காகத் தனியாக ஷீட் ஓட்டி, சாம்பிள் பெட்டி செய்து, வண்டி வைத்து அனுப்பினீர்கள். அந்த உழைப்புக்கும் செலவுக்கும் எங்கள் நிர்வாகத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

நம் ஊரில் டெண்டர் கிடைக்காதவருக்குப் பல இடங்களில் பதிலே போவதில்லை. "பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். விலை கொடுத்தவர் ஒரு மாதம் போன் அடித்துப் பார்த்துவிட்டு, தானே புரிந்துகொண்டு விலக வேண்டும். அது சரியில்லை. காகிதம் வாங்குவதா வேண்டாமா, ஆள் எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்கு எங்கள் பதில் வேண்டும். ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

வந்த ஆறு விலைப்புள்ளிகளையும் அறிவிப்பில் சொன்னபடியே மதிப்பிட்டோம்: விலைக்கு 40, தரத்துக்கு 30, டெலிவரிக்கு 20, சான்றிதழ்களுக்கும் பதிவுகளுக்கும் 10. தேர்வான நிறுவனத்தின் விலை ஆறில் குறைந்தது அல்ல. குறைந்த விலை வரிசையில் அது மூன்றாவது. முதலிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் மூன்று மதிப்பெண்தான் வித்தியாசம். உங்களில் யாரும் தகுதி இல்லாமல் தள்ளப்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முடிவைத் தீர்மானித்தது டெலிவரி. இதை விரிவாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் அடுத்த டெண்டரிலும் இதுவே முக்கியமாக இருக்கும். பனியனும் டி ஷர்ட்டும் தைத்து, அயர்ன் செய்து, பாலி பேக்கில் போட்ட பிறகும் எந்த அளவுப் பெட்டியில் எத்தனை பீஸ், எந்த சைஸ் எவ்வளவு என்பது கடைசி நேரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய ஷிப்பிங் மார்க்கும் பையரிடமிருந்து கடைசியில்தான் வரும். இன்னொரு பக்கம், சரக்கில் 80 சதவீதமாவது பெட்டிக்குள் போயிருந்தால்தான் பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவார். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால்தான் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும். கார்ட்டன் இரண்டு நாள் தாமதமானால் கப்பல் போய்விடும். அப்புறம் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அந்தச் செலவில் ஒரு ஆர்டரின் லாபம் முழுவதும் கரைந்துவிடும். அதனால்தான் அளவும் மார்க்கும் உறுதியான 48 மணி நேரத்தில் பெட்டி எங்கள் கேட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

இந்த இடத்தில் மூன்று பேர் ஏழு முதல் பத்து நாள் என்று எழுதியிருந்தீர்கள். மற்ற இருவர் 48 மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டீர்கள்; ஆனால் அதை எப்படிச் செய்வீர்கள் என்று படிவத்தில் விளக்கம் இல்லை. தேர்வானவர் அதை எழுதிக் காட்டினார்: எங்களுக்கான காகிதத்தில் பத்து நாளுக்கான போர்டு எப்போதும் இருப்பில் இருக்கும், மார்க் வந்ததும் கட்டிங்கும் பிரிண்டிங்கும் மட்டும் செய்தால் போதும், இரண்டு சொந்த வண்டிகள் உண்டு, கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. நேரில் போய்ப் பார்த்தோம், எழுதியபடியே இருந்தது. உங்களில் சிலரிடமும் இதே வசதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிவத்தில் இல்லாததற்கு மதிப்பெண் போட்டால், எழுதியவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

தரத்தைப் பொறுத்தவரை எல்லாருடைய சாம்பிளும் நன்றாகவே இருந்தன. பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் சோதனையில் ஐந்து பேருமே நாங்கள் கேட்ட அளவைத் தாண்டினீர்கள். ஒருவருடைய பெட்டி ஆறிலேயே அதிக எண் காட்டியது. அதைப் பார்த்து எங்கள் தரப்பிரிவில் எல்லாருக்கும் சந்தோஷம். மதிப்பெண் குறைந்தது வேறு இரண்டு காரணங்களால். ஒன்று, ஓரத்தில் பின் அடித்த பெட்டிகள். எங்கள் பையர்களில் பெரும்பாலோர் உலோகம் எதுவும் துணியோடு போகக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார்கள். குழந்தைகள் உடுப்பில் ஒரு பின் கிடந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் ஒட்டிய பெட்டி மட்டுமே எங்களுக்கு ஆகும். இரண்டாவது ஈரப்பதம். 10 சதவீதத்துக்குள் கேட்டிருந்தோம், இருவருடைய சாம்பிள் அதைத் தாண்டியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் ஏறும். ஈரம் ஏறிய பெட்டி அடுக்கில் அடியில் இருந்தால் நசுங்கிவிடும். ஷீட்டை உலர வைக்க இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்து, குடோனில் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும் என்று எங்கள் தரப்பிரிவு சொல்கிறது.

விலையில் ஒரு விஷயம். விலைப்புள்ளியோடு நீங்கள் தந்த செலவுக் கணக்கில், மூன்று பேர் 90 நாள் கடனுக்கான வட்டியையும் சேர்த்திருந்தீர்கள். பட்ட அனுபவத்தில் அப்படிச் சேர்த்திருப்பீர்கள், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் படிவத்தில் பணம் 30 நாளில் என்று இருந்தது, அப்படியேதான் கொடுக்கிறோம். சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உத்யம் பதிவு எண்ணைப் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். இருவர் அதை விட்டுவிட்டதால் சான்றிதழ் பகுதியில் மதிப்பெண் போனது. வட்டியைக் கழித்துப் பார்த்தால் உங்களில் மேலும் ஒருவருடைய விலை தேர்வானவரின் விலையைவிடக் குறைவாக இருந்திருக்கும். கிராஃப்ட் காகித விலை ஏறி இறங்கும் என்ற பயத்திலும் சிலர் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காகித விலையை ஒட்டி ரேட்டைத் திருத்தும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது, அடுத்த ஆண்டும் இருக்கும். அந்த நம்பிக்கையோடு விலை போடலாம்.

உங்கள் விலை மற்றவருக்கோ, மற்றவர் விலை உங்களுக்கோ எங்களிடமிருந்து போகாது. உங்களுடைய மதிப்பெண் தாள் மட்டும் இந்தக் கடிதத்தோடு தனி உறையில் வருகிறது. அதில் சந்தேகம் இருந்தால் மார்ச் 6ஆம் தேதி வரை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாலை 3 முதல் 5 மணிக்குள் நேரில் வாருங்கள். சோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு தரப்பிரிவுப் பொறுப்பாளரும் நானும் உட்கார்ந்து பேசுகிறோம். கணக்கில் பிழை இருப்பதாக நினைத்தால் அதே தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள், ஏழு நாளில் பதில் வரும்.

டெண்டருடன் நீங்கள் கட்டிய வைப்புத்தொகை ரூ.25,000 பிப்ரவரி 27ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். படிவத்தில் கொடுத்த கணக்கு மாறியிருந்தால் மட்டும் லெட்டர்ஹெட்டில் எழுதித் தெரிவியுங்கள். சோதனைக்குப் போகாத சாம்பிள்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வரப்போகும் வாய்ப்புகள். உங்கள் ஐந்து பேர் பெயரும் எங்கள் சப்ளையர் பட்டியலில் இருக்கிறது. மீண்டும் பதிவு செய்யவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை. வரும் ஜூன் மாதத்தில் குழந்தைகள் உடுப்புக்கான அச்சிட்ட இன்னர் பெட்டிகளுக்குத் தனி டெண்டர் விடுகிறோம். அளவு சிறியது, அவசரம் குறைவு, அச்சுத் தரம்தான் முக்கியம். உங்களில் இருவருடைய அச்சு வேலை மிகச் சுத்தமாக இருந்தது. அவர்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. அடுத்த 7 ப்ளை டெண்டர் அறிவிப்பு 2026 டிசம்பர் முதல் வாரத்தில் வரும். இரண்டு அறிவிப்புகளையும் உங்கள் முகவரிக்கு நாங்களே அனுப்பிவைப்போம்.

இதற்கு நடுவில் சீசன் நேரத்தில் தேவை கூடினாலோ, தேர்வானவரால் ஒரு லாட் கொடுக்க முடியாமல் போனாலோ, மதிப்பெண் வரிசைப்படி உங்களிடம்தான் முதலில் கேட்போம். இது நடக்கும் என்ற உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை நம்பிக் காகிதம் வாங்கி இருப்பு வைக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கேட்டால் எழுத்தில் பர்ச்சேஸ் ஆர்டர் வரும். வாய்ப்பேச்சை வைத்து யாரும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஜூன் டெண்டருக்கான பெட்டி அளவுகளும் அச்சு மாதிரிகளும் மே 4ஆம் தேதி முதல் எங்கள் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
கொள்முதல் மேலாளர்

இணைப்பு: மதிப்பெண் தாள், சாம்பிள் சோதனை அறிக்கை நகல்.
நகல்: கணக்குப் பிரிவு – வைப்புத்தொகையைத் திருப்பி அனுப்ப.