சிடி ரூம் 1 மதிய ஷிஃப்ட் ஒர்க்லிஸ்ட், செவ்வாய், மதியம் 1:45 நிலவரப்படி

மதிய டீமுக்கு, ரூம் 2 மெஷின் சர்வீஸ்ல இருக்கு, இன்னைக்கு திரும்பி வராது, அதனால எல்லா லோடும் ரூம் 1 தலைலதான். கீழ இருக்கற வரிசை டூட்டி ரேடியாலஜிஸ்ட்கிட்ட உக்காந்து பேசி போட்டது. ரிக்வெஸ்ட் எப்ப வந்துச்சுன்னு பாத்து போடல, லேட்டானா யாருக்கு என்ன போகும்னு பாத்துப் போட்டது. யாராவது போன் பண்ணி எங்க பேஷன்ட்ட முன்னாடி எடுங்கன்னு சொன்னா மரியாதையா ரேடியாலஜிஸ்ட் நம்பர குடுத்துடுங்க, வரிசைய மாத்துற அதிகாரம் அவருக்கு மட்டும்தான், உங்களுக்கும் இல்ல எனக்கும் இல்ல.

பேரு இதுல வேணும்னே போடல, வார்டும் பெட்டும்தான். மெடிக்கல் வார்டுல ஒரே பேருல ரெண்டு பேர் இருக்காங்க, அதனால டேபிள்ல ஏத்துறதுக்கு முன்னாடி பேரையும் பிறந்த தேதியையும் அவங்க வாயாலயே சொல்ல வைங்க, நீங்க பேரச் சொல்லி "நீங்கதானே"ன்னு கேட்டா அரை மயக்கத்துல இருக்கறவங்க எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்வாங்க. பேச முடியாதவங்களுக்கு கைப்பட்டைய பாத்து ரிக்வெஸ்டோட ஒத்துப் பாருங்க.

முதல் செஷன், 1:50 முதல் 5:00 வரை

1. எமர்ஜென்சி, ஆண் 31, பைக் ஆக்சிடென்ட், தலைல அடி, ரெண்டு தடவ வாந்தி, ஜிசிஎஸ் 13. பிளெயின் பிரெயின், கூடவே கழுத்து எலும்பு. கழுத்து காலர கழட்டக்கூடாது, ஸ்லைடிங் போர்டு வச்சு நாலு பேரா சேந்து மாத்துங்க. இவர் 1:50க்குள்ள டேபிளுக்கு வந்துட்டா இவர்தான் முதல்ல. வரலைன்னா காத்திருக்க வேணாம், 2-ம் நம்பருக்கு டேபிள காலியா வைங்க. நடுவுல ஜிசிஎஸ் இறங்கினாலோ ஒரு கண்ணு பாப்பா பெருசானாலோ எமர்ஜென்சி டாக்டர் ரேடியாலஜிஸ்ட கூப்பிடுவார், அப்ப யார் முன்னாடின்னு அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும்.

2. ஆம்புலன்ஸ்ல வந்துட்டிருக்கார், ஆண் 67, வலது கை கால் வரல, பேச்சு குழறுது, 2:05க்கு வந்து சேரணும். கடைசியா நல்லா இருந்தத பாத்தது 12:30. கிளாட்ட கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதாவது சாயங்காலம் 5 மணி, ஆனா அதுவர டைம் இருக்கேன்னு நெனச்சுடாதீங்க, ஒவ்வொரு நிமிஷமும் மூளை செல் போயிட்டே இருக்கு, சீக்கிரம் போட்டா சீக்கிரம் பலன், அவ்வளவுதான். முதல்ல பிளெயின் பிரெயின், ரத்தக்கசிவு இல்லன்னு ரேடியாலஜிஸ்ட் சொன்ன கையோட அதே டேபிள்லயே ஆஞ்சியோ, மார்புல ஆர்ச்ல இருந்து உச்சந்தலை வரைக்கும். கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காக ஆஞ்சியோவ நிறுத்தி வைக்காதீங்க, இது எழுத்துல ஒத்துக்கிட்ட விஷயம். பெட்டுல இருந்து இறக்கி வெயிட்டிங்ல வைக்கற பேச்சே இல்ல, கதவு தெறந்து, ஹெட் ஹோல்டர் மாட்டி, இன்ஜெக்டர் லோடு பண்ணி, ப்ரோட்டோகால் செலக்ட் பண்ணி ரெடியா நில்லுங்க.

3. ஐசியு 4-ம் பெட், பெண் 58, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு 9-வது நாள், காலைல இருந்து திடீர்னு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் போட்டும் சாச்சுரேஷன் 90ஐ தாண்டல. நுரையீரல் ஆஞ்சியோ. கைல 22 ஊசிதான் இருக்கு, அதுல செகண்டுக்கு 4 மில்லி வேகத்துல தள்ள முடியாது, முழங்கை மடிப்புல 18 இல்ல 20 போட்டுட்டு அனுப்புங்கன்னு ஐசியு சிஸ்டர்கிட்ட சொல்லியாச்சு, 2:20க்கு ஒரு தடவ போன் போட்டு உறுதி பண்ணிக்கோங்க. வந்ததும் கை நரம்புல சலைன் தள்ளி பாத்துட்டுத்தான் கனெக்ட் பண்ணணும். கூட ஐசியு டாக்டர் வருவார். சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு நீங்களே மீட்டர பாருங்க, உள்ள வந்ததும் சுவர் ஆக்சிஜனுக்கு மாத்திடுங்க. மல்லாக்க படுக்க முடியுமான்னு இப்பவே கேட்டு வைங்க, முடியலன்னா டேபிள்ல ஏத்தினப்பறம் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. மூச்ச இழுத்து தம் கட்ட வேணாம், சும்மா நிறுத்தினா போதும், ரொம்ப இழுத்தா மருந்து கலந்து ஆர்ட்டரி மங்கலா வரும்.

4. சர்ஜரி வார்டு 11, ஆண் 44, வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கு, குடல் ஓட்டையோன்னு சந்தேகம். வயிறு முழுக்க கான்ட்ராஸ்ட்டோட. வாய் வழி மருந்து வேணாம். கிரியாட்டினின் நேத்து 1.1, இன்னைக்கு 2.1, இந்த மாதிரி திடீர்னு ஏறும்போது இஜிஎஃப்ஆர் கணக்க நம்ப முடியாது, அதனால ரேடியாலஜிஸ்ட்டும் சர்ஜனும் பேசி கான்ட்ராஸ்ட் குடுத்துத்தான் ஆகணும்னு கையெழுத்து போட்டிருக்காங்க, நீங்க திருப்பி அனுப்ப வேணாம். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவர், அத நிறுத்தி 48 மணி நேரம் கழிச்சு கிரியாட்டினின் பாத்துட்டு திரும்ப ஆரம்பிக்கணும்னு வார்டு சார்ட்ல எழுதி அனுப்புங்க.

5. எமர்ஜென்சி, பெண் 36, இடது விலா வலி, காய்ச்சல் 39, பல்ஸ் 124. கிட்னி கல்லு அடைச்சு உள்ள சீழ் கட்டியிருக்குமோன்னு பயப்படுறாங்க, பாக்க கல்லு வலி மாதிரி தெரிஞ்சாலும் இது அவசரம்தான். பிளெயின், லோ டோஸ். மாதவிடாய் வந்து 6 வாரம் ஆச்சுன்னு சொல்றாங்க, கர்ப்ப டெஸ்ட் ரிப்போர்ட் வராம டேபிள்ல ஏத்தாதீங்க. பாசிட்டிவ்னா சிடிய நிறுத்தி ரேடியாலஜிஸ்ட்டுக்கு சொல்லுங்க, அல்ட்ராசவுண்ட் முதல்ல பாப்பார். நெகட்டிவ் ரிப்போர்ட் 4-ம் நம்பருக்கு முன்னாடியே வந்துட்டா இவங்கள உள்ள விட்டுடலாம், இது பத்து நிமிஷ வேலை. ரிப்போர்ட்டுக்காக டேபிள் சும்மா கெடக்கக் கூடாது. கேள்விய தனியா கூப்பிட்டு கேளுங்க, மாமியார் கூட இருக்காங்க.

6. குழந்தைகள் வார்டு 3, பையன் 4 வயசு, பிளெயின் பிரெயின். அவசரம்னு பாத்தா நடுத்தரம்தான், ஆனா இவனுக்கு நேரம் தூக்கத்தோட கட்டுப்பட்டது. மயக்க மருந்து இல்லாம எடுக்கறதுக்காக காலைல இருந்து தூங்க விடாம வச்சிருக்காங்க, 3:45 வாக்குல சாப்பாடு குடுத்து தூங்க வைப்பாங்க, தூங்கிட்டான்னு போன் வந்த உடனே எடுத்துடணும். ரூமுக்குள்ள ஏசி குளிர்ல முழிச்சுக்குவான், போர்வைய முன்னாடியே சூடு பண்ணி வைங்க, லைட்ட கொறைங்க, மானிட்டர் பீப் சத்தத்தையும். அம்மா கூட நிக்கட்டும், லெட் ஏப்ரன் குடுங்க, அவங்ககிட்டயும் கர்ப்பம் கேளுங்க. டோஸ் குழந்தை ப்ரோட்டோகால்தான், பெரியவங்க ப்ரோட்டோகால்ல எடுத்துடாதீங்க.

7, 8. ஓபி ஆண் 49 சைனஸ், ஓபி பெண் 61 இடுப்பு முதுகெலும்பு, ரெண்டுமே பிளெயின். இடையில எங்க டேபிள் காலியாகுதோ அங்க நுழைச்சுக்கலாம். எமர்ஜென்சி வந்தா லேட்டாகும்னு காலைலயே சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவ தள்ளும்போதும் வெளிய போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, காத்திருக்கறத விட ஏன்னு தெரியாம காத்திருக்கறதுதான் கோபத்த கெளப்புது.

ஒவ்வொருத்தருக்கும் நடுவுல ரூம்

விரிப்ப மாத்துறது மட்டும் க்ளீனிங் இல்ல. டேபிள், ஹெட் ஹோல்டர், பெல்ட், கைப்பிடி, கேன்ட்ரியோட உள் வளையம் (இருமல் அங்கதான் தெறிக்குது), இன்ஜெக்டர் பட்டன், கன்சோல் கீபோர்டு எல்லாத்தையும் துடைங்க. துடைச்ச உடனே துணி போட்டு காய வைக்காதீங்க, பாட்டில்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஈரமா இருந்தாத்தான் கிருமி சாகும். ரத்தம் சிந்தினா கையுறை போட்டு முதல்ல உறிஞ்சு எடுத்துட்டு, அப்பறம் 1 சதவீத ஹைப்போகுளோரைட். வாந்தி பேசின், சக்‌ஷன், ஆக்சிஜன் வேலை செய்யுதான்னு கை வச்சுப் பாருங்க.

இன்ஜெக்டர்ல பேஷன்ட் பக்க டியூப் ஒவ்வொருத்தருக்கும் புதுசு, இதுல சமாதானமே கிடையாது. காத்த வெளியேத்தி, டியூபோட முனை வரைக்கும் குமிழி இல்லன்னு ரெண்டு பேர் கண்ணால பாக்கணும். கான்ட்ராஸ்ட் வார்மர்ல 37 டிகிரி. கன்சோல்ல முந்தின பேஷன்ட்ட க்ளோஸ் பண்ணிட்டு புது பேர செலக்ட் பண்ணுங்க, அவசரத்துல படம் வேற ஒருத்தர் பேருல போய் விழுந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து. கான்ட்ராஸ்ட் போட்டவங்கள அரை மணி நேரம் ரெக்கவரில வச்சுட்டு, சிஸ்டர் பாத்தப்பறம்தான் ஊசிய எடுத்து அனுப்பணும்.

5:00 முதல் 5:30 வரை, செஷன் மாறுற நேரம்

இது டீ பிரேக் இல்ல, மாத்தி மாத்தி போய்ட்டு வாங்க. ரூம முழுசா ஒரு தடவ மேல இருந்து கீழ துடைக்கணும், தரையும். கேன்ட்ரிக்குள்ள எதுவும் இல்லாம ஏர் கேலிபரேஷன் ஓட்டுங்க. அவசர டிராலி சீல் உடைஞ்சிருந்தா (ஆஞ்சியோ நாள்ல அடிக்கடி உடையும்) எடுத்ததெல்லாம் திரும்ப வைங்க, அட்ரினலின் 1 மில்லிகிராம் ஆம்ப்யூல் மேல் தட்டுலயே இருக்கணும், தேட விடாதீங்க. பெரியவங்களுக்கு கடுமையான அலர்ஜில தொடை தசைல 0.5 மில்லிகிராம்னு மூடில ஒட்டியிருக்கு, அது கிழிஞ்சு தொங்குது, புதுசா எழுதி ஒட்டுங்க. ஊசி டப்பா முக்கால்வாசி நெறஞ்சாச்சு, மாத்திடுங்க. இந்த அரை மணிலயும் ஒரு ஸ்ட்ரோக் வந்தா எல்லாத்தையும் நிறுத்தி அஞ்சு நிமிஷத்துல டேபிள் ரெடியாகற மாதிரி வேலைய பிரிச்சுக்கோங்க.

ரெண்டாவது செஷன், 5:30 முதல்

9. ஓபி, பெண் 52, கீமோல இருக்காங்க, நெஞ்சு வயிறு கான்ட்ராஸ்ட். இந்த நேரம் மாறவே கூடாது. போன தடவ கான்ட்ராஸ்ட்ல உடம்பெல்லாம் தடிச்சதால ஸ்டீராய்டு மாத்திரை 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்துக்கு முன்னாடின்னு கணக்கு போட்டு குடுத்திருக்கு, அதாவது காலைல 4:30, 10:30, அப்பறம் சாயங்காலம் 4:30. மூணும் சாப்பிட்டாங்களான்னு நேரத்தோட கேட்டு எழுதுங்க. வெள்ளணு கம்மி, அதனால க்ளீன் பண்ணின ரூமுக்கு முதல் ஆள் இவங்கதான், காரிடார்ல உக்கார வைக்காம பக்கத்து அறைல வைங்க. போன தடவ குடுத்ததில்லாம வேற பிராண்டு கான்ட்ராஸ்ட்ன்னு ரேடியாலஜிஸ்ட் எழுதியிருக்கார். இன்ஜெக்‌ஷன் அப்ப டாக்டர் பக்கத்துல இருக்கணும். மாத்திரை போட்டிருந்தாலும் அலர்ஜி வரவே வராதுன்னு இல்ல, முகத்த பாத்துட்டே நில்லுங்க.

10. ஐசியு 7, ஆண் 70, க்ளாஸ்ட்ரிடியம் வயித்துப்போக்கு, வயிறு, சுமார் 7 மணி. கவுன், கையுறை. கைக்கு ஆல்கஹால் தேய்ச்சா இந்த கிருமியோட ஸ்போர் போகாது, சோப்பு தண்ணிதான். துடைக்கறதுக்கு ஹைப்போகுளோரைட், வழக்கமான ஒய்ப்ஸ் வேணாம்.

11. ஐசொலேஷன், ஆண் 40, சளில டிபி பாசிட்டிவ், பிளெயின் நெஞ்சு, 8 மணி, கடைசி. அவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க், நமக்கு என்95. வெயிட்டிங்ல உக்கார வைக்காம நேரா டேபிளுக்கு. கடைசில வச்சதுக்கு காரணம் இருமல்தான், மனுஷன் இல்ல, அத அவர்கிட்டயே நல்லவிதமா சொல்லுங்க, ரொம்ப நொந்து போயிருக்கார்ன்னு சிஸ்டர் சொன்னாங்க. அவர் போனப்பறம் கதவ மூடுங்க. ரூம்ல மணிக்கு 12 தடவ காத்து மாறுது, அந்தக் கணக்குல 35 நிமிஷம் யாரும் உள்ள போகக் கூடாது, அதுக்கப்பறம்தான் க்ளீனிங். கதவுல மூடின நேரத்தையும் தெறக்கற நேரத்தையும் எழுதி ஒட்டுங்க. அந்த 35 நிமிஷத்துல ஸ்ட்ரோக் வந்தா திருப்பி அனுப்பிடாதீங்க, ரேடியாலஜிஸ்ட்கிட்ட சொல்லி என்95ஓட உள்ள போறதா வேற வழியான்னு உடனே முடிவு வாங்குங்க.

வரிசை மாறினா இந்த பேப்பர்லயே அடிச்சு, ஏன் மாறுச்சுன்னு ஒரு வரியும் நேரமும் போட்டு கையெழுத்து போடுங்க, நைட் டீம் 9 மணிக்கு இத பாத்துதான் ஆரம்பிப்பாங்க. 5-ம் நம்பரோட டெஸ்ட் ரிசல்ட்டுக்கு லேப்ல நான் சொல்லியிருக்கேன், 2:30க்குள்ள வரலைன்னா நீங்க கேளுங்க.