உங்கள் ஓடர் 0318: முதல் பகுதி இன்று அனுப்பப்பட்டது, மிகுதி மார்ச் 20

கொழும்பு 12
11.03.2025, செவ்வாய்

அன்புள்ள செல்வராசா ஐயா,

உங்கள் ஓடரில் கையிருப்பில் இருந்தவற்றை இன்று மாலை பழைய சோனகத் தெரு களஞ்சியத்தில் லொறியில் ஏற்றிவிட்டோம். நாளை காலை வவுனியா கடைக்கு வரும். மொத்தம் 45 பொதிகள்:

முக்கால் அங்குல எல்போ 2,000 (20 பை), முழுமையாக
அரை அங்குல டீ 1,500 (15 பை), முழுமையாக
ஒரு அங்குல போல் வால்வு 600 இல் 360 (6 பெட்டி)
சொல்வென்ட் சிமெந்து 250 கிராம் 144 இல் 96 (4 பெட்டி)

இன்னும் வர வேண்டியவை 240 வால்வும் 48 டின் சிமெந்தும்.

வால்வு வந்த கொள்கலன் பல இறக்குமதியாளர்களின் சரக்கைச் சேர்த்து ஏற்றியது. கப்பல் 9ஆம் திகதியே வந்துவிட்டது; ஆனால் கொள்கலன் முழுதும் இறக்கிப் பிரித்த பின்னரே எங்கள் பெட்டிகள் கைக்கு வரும். வியாழன் போயா விடுமுறை. ஆகவே சுங்க வேலை வெள்ளிக்கிழமைதான் நகரும். சரக்கு 17ஆம் திகதி களஞ்சியத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கிறோம். எண்ணிப் பார்த்து 19 மாலை ஏற்றினால் 20 வியாழன் காலை உங்களிடம் இருக்கும். சுங்கத்தில் பெட்டி திறந்து பார்க்கச் சொன்னால் ஒரு நாள் கூடலாம். அப்படியானால் 17 அன்றே அழைத்துச் சொல்வோம்.

சிமெந்து கதை வேறு. இரண்டு பெட்டிகளில் டின்கள் கூழாகத் தடித்திருந்தன. மூடி சரியாக இறுகாவிட்டால் கரைப்பான் ஆவியாகி இப்படி ஆகும். தின்னர் ஊற்றி இளக்கினால் பூசலாம், ஆனால் மூட்டு பிடிக்காது. அதனால் நிறுத்திவிட்டோம். புதிய டின்கள் வால்வுடன் ஒரே லொறியில் வரும். இரண்டாம் லொறிக் கூலி எங்களுடையது.

இன்றைய விலைச்சிட்டை அனுப்பிய பொருளுக்கு மட்டும்: ரூ. 325,360, 18% வற் ரூ. 58,564.80, மொத்தம் ரூ. 383,924.80. நீங்கள் தந்த முற்பணம் ரூ. 200,000 ஐ இதிலேயே கழித்துள்ளோம், மீதி ரூ. 183,924.80. மிகுதிச் சரக்குக்குத் தனிச் சிட்டை, வற்றுடன் ரூ. 147,830.40. 30 நாள் தவணை அந்தந்தச் சிட்டையின் திகதியிலிருந்து.

பொதிகளைச் சாரதி நிற்கும்போதே எண்ணுங்கள். குறைவோ உடைவோ இருந்தால் டிலிவரி நோட்டில் எழுதி அவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பிறகு சொன்னால் லொறிக்காரரிடம் கேட்க எங்களுக்கு வழியில்லை. சிமெந்துப் பெட்டிகளை நிமிர்த்தி, வெயில் படாமல், நெருப்புக்குத் தூரமாக வையுங்கள்.

வால்வு அவசரமென்றால் இரும்புக் கைப்பிடி வைத்த வேறு வகை 120 எங்களிடம் உண்டு. ஒன்றுக்கு ரூ. 45 கூட. அளவு ஒன்றுதான், உடல் சற்று நீளம். ஏற்கெனவே அளந்து வெட்டிய குழாயில் இடிக்கும். வேண்டுமென்றால் வெள்ளி மதியத்துக்குள் சொல்லுங்கள், 240 இல் அத்தனையைக் குறைத்துவிடுகிறோம்.

தாமதத்துக்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
ரமேஷ்
விற்பனைப் பிரிவு