ஆண்டு விழா நினைவுப் படம்: பெற்றோருக்கான பின்னணிக் குரல் உரை

(காட்சி: காலி மைதானம். பந்தல்காரர்கள் மூங்கில் நடுகிறார்கள். பள்ளி மணி ஒலிக்கிறது.)

வணக்கம். திருப்பூரில் உள்ள நம் நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழா பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடைபெற்றது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதும், ஒன்றரை ஷிப்ட் முடித்து நீங்கள் பனியன் கம்பெனியிலிருந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளாக இருந்ததால் அன்றைக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் கிடைக்கவில்லை; அதனால்தான் சனிக்கிழமையே நடத்த வேண்டியதாயிற்று. உங்களில் பலர் பார்க்க இயலாமற்போன அந்த மாலையை, நிகழ்ச்சி நிரலையும் அதன் ஓரத்தில் ஆசிரியர்கள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு இங்கே தொகுத்திருக்கிறோம்.

(காட்சி: மேடையில் எட்டுக் குழந்தைகள்.)

நிரலின் முதல் வரியில் 'தமிழ்த்தாய் வாழ்த்து' என்று மட்டுமே இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனாரின் அந்தப் பாடலைப் பாட நின்ற எட்டுப் பேரில் மூவருக்கு வீட்டு மொழி ஒடியா. இடமிருந்து இரண்டாவதாக நிற்கும் சிறுமி, ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடச் சைகையால்தான் கேட்டாள். பெரியவர்களே வாய்க்குள் முணுமுணுத்துக் கடந்துவிடும் இடங்களில் அவளுடைய உச்சரிப்பைக் கவனித்துக் கேளுங்கள்.

(காட்சி: வரவேற்புரை, ஆண்டறிக்கை, பரிசளிப்பு ஆகியவை விரைவாக நகர்கின்றன.)

சிறப்பு விருந்தினர் இருபத்திரண்டு நிமிடங்கள் உரையாற்றினார். அவருடைய அனுமதியோடு அதை அரை நிமிடமாகச் சுருக்கியிருக்கிறோம். பரிசு பெற்ற ஒவ்வொரு குழந்தையின் முகமும் படத்தில் வருகிறது. உங்கள் குழந்தை வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

(காட்சி: மேடையின் குறுக்கே நீண்ட நீலத் துணி அலைகிறது.)

'நாடகம், ஏழாம் வகுப்பு, 12 நிமிடம்' என்று நிரல் சொல்வது நொய்யலின் கதையை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் நம் ஊரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆற்றைப் பனியன் வேஸ்ட் துணிகளைக் கொண்டு மாணவர்களே உருவாக்கினார்கள். துணிகளை ஒன்றோடொன்று தைத்துக் கொடுத்தவர், பகலெல்லாம் பவர் டேபிளில் அமர்ந்துவிட்டு வந்த ஒரு மாணவனின் தாய். நீலத் துணி மெல்ல மெல்லச் சிவப்பாகவும் கறுப்பாகவும் மாறுவதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதன்பின் வேலையின்றி வீட்டில் அமர்ந்த தொழிலாளியின் துயரமும் ஒரே மேடையில் வந்தன. ஆற்றின் பக்கம் பேசுவதா, அடுப்பெரிய வேண்டியவரின் பக்கம் பேசுவதா என்று ஒத்திகையில் மாணவர்கள் இரண்டு நாள் வாதிட்டார்கள். கடைசியில் இருவரையும் பேசவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நடுவே துணியாறு மூங்கிலில் சிக்கிக்கொண்டபோது, பட்டறை முதலாளியாக நடித்த சிறுவனே மீசையோடு ஓடிப்போய் அதை விடுவித்தான். பார்வையாளர்களின் சிரிப்பு அடங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சிரிப்பை நாங்கள் வெட்டவில்லை.

(காட்சி: சிலம்பம், திருக்குறள் ஒப்பித்தல்.)

சிலம்பம் சுற்றியவர்கள் ஆறாம் வகுப்பினர். 'கல்வி' அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒப்பித்த இரண்டாம் வகுப்புச் சிறுவன், ஒன்பதாவதில் நின்று, முன்வரிசையில் இருந்த தன் பாட்டியைப் பார்த்தான். பாட்டி எடுத்துக் கொடுத்த சொல் ஒலிபெருக்கியிலும் கேட்கிறது.

(காட்சி: விளக்குகள் அணைகின்றன. நாற்காலிகள் அடுக்கப்படுகின்றன. இனி வருவது கைப்பேசிப் பதிவு.)

நாட்டுப்பண் முடிந்தபோது மணி எட்டு நாற்பது. வள்ளி கும்மியை மேடையில் எட்டு நிமிடம் ஆடி முடித்த ஐந்தாம் வகுப்புச் சிறுமிகள், சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சாப்பாட்டுப் பையும் சம்பளக் கவருமாகத் தாய்மார்கள் வாயிலில் வந்து நின்றார்கள். 'முடிஞ்சுபோச்சா, டீச்சர்?' என்று ஒருவர் கேட்டார். ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டிவிட்டிருந்தார். மேடை விளக்கும் இல்லை. பயிற்சி அளித்த ஆசிரியை வேறெதுவும் சொல்லாமல் பாட்டைத் தொடங்கினார். சிறுமிகள் மைதானத்தில் வட்டமாக நின்று, முதலிலிருந்து மறுபடியும் ஆடினார்கள். மூன்றாவது சுற்றில் தாய்மார்கள் நால்வர் பையைத் தரையில் வைத்துவிட்டு வட்டத்துக்குள் வந்ததையும், அவர்களுடைய அடி பிள்ளைகளின் அடியைவிடத் திருத்தமாக இருந்ததையும் நீங்களே பாருங்கள். படம் ஆடுகிறது, பிடித்தவரும் கும்மிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

(காட்சி: கும்மி ஒலி தொடர, எழுத்துகள் தோன்றுகின்றன.)

முழுப் பதிவு வேண்டுவோர் வகுப்பாசிரியரிடம் பென்டிரைவ் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். இரவு ஷிப்டில் இருப்போர் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பலாம்.