ஒன்று கூட்டும் நாடா இயந்திரம்: 1011 + 1

1936-இல் ஆலன் டூரிங் இந்த வகை இயந்திரத்தைக் கற்பனை செய்தபோது, குழந்தைகளின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட தாளிலிருந்துதான் தொடங்கினார். எனவே நாமும் கட்டம் போட்ட நோட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரே வரிசை போதும், அதுதான் நாடா. பென்சில் முனைதான் தலை. ஒரு நேரத்தில் ஒரே கட்டத்தைத்தான் அது பார்க்கும்.

0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணாக எண்ணை நாடாவில் எழுதி, இடது ஓர இலக்கத்தில் தலையை வைக்கிறோம். இரண்டே நிலைகள். `q0` எண்ணின் வலது ஓரத்தைத் தேடிப் போகும். `q1` ஒன்றைக் கூட்டும். `H` வந்தால் நின்றுவிடும். வெற்றுக் கட்டத்துக்கு `_`, வலம் `R`, இடம் `L`, நகராதிருக்க `S`.

```
நிலை படி → எழுது நகர் அடுத்த நிலை
q0   0  →  0   R   q0
q0   1  →  1   R   q0
q0   _  →  _   L   q1
q1   1  →  0   L   q1
q1   0  →  1   S   H
q1   _  →  1   S   H
```

இப்போது 1011, அதாவது நம் வழக்கமான எண்முறையில் 11. அடைப்புக்குள் இருப்பதுதான் தலை நிற்கும் கட்டம்.

```
0  q0  _[1]0 1 1 _
1  q0  _ 1[0]1 1 _
2  q0  _ 1 0[1]1 _
3  q0  _ 1 0 1[1]_
4  q0  _ 1 0 1 1[_]
5  q1  _ 1 0 1[1]_
6  q1  _ 1 0[1]0 _
7  q1  _ 1[0]0 0 _
8  H   _ 1[1]0 0 _
```

நாடாவில் 1100. பன்னிரண்டு, சரி.

முதல் நான்கு அடியில் எதுவும் மாறவில்லை, வெறும் நடைதான். நான்காவது அடியில் தலை எண்ணைத் தாண்டி வெற்றுக் கட்டத்துக்கு வந்துவிட்டது. தாண்டினால்தான் எண் முடிந்தது என்று அதற்குத் தெரியும். அதனால் ஐந்தாவது அடியில் ஒரு கட்டம் திரும்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவதும் ஏழாவதும். பள்ளியில் கூட்டும்போது "மனதில் ஒன்று" என்று சொல்லிக்கொள்வோமே, அந்த ஒன்று இங்கே எங்கே இருக்கிறது? நாடாவில் எங்கேயும் எழுதவில்லை. `q1` என்ற நிலையில் இருப்பதே அந்த ஒன்றை மனதில் வைத்திருப்பதுதான். 1-ஐப் பார்த்தால் 0 எழுதிவிட்டு, அதே நிலையில் இடப்பக்கம் போகிறது. 0 கிடைத்ததும் ஒன்றை அங்கே வைத்துவிடுகிறது, வேலை முடிந்தது. இடப்பக்கம் மீந்த இலக்கங்களை அது திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

கடைசி விதியை எழுத மறப்பவர்கள் அதிகம். 1011-க்கு அது தேவைப்படவே இல்லை, விட்டுவிட்டாலும் விடை சரியாகத்தான் வரும். 111-ஐக் கொடுத்தால்தான் தெரியும். முதல் நான்கு அடிகள் பழைய கதைதான். அப்புறம்:

```
4  q1  _ 1 1[1]_
5  q1  _ 1[1]0 _
6  q1  _[1]0 0 _
7  q1 [_]0 0 0 _
8  H  [1]0 0 0 _
```

ஏழாவது அடியில் தலை எண்ணுக்கு இடப்பக்கம், ஒன்றும் எழுதாத கட்டத்தில் நிற்கிறது. அந்த விதி இல்லாவிட்டால், மனதில் இருக்கும் ஒன்றை வைக்க வழியில்லாமல், நாடாவில் 000-ஐ மட்டும் விட்டுவிட்டு இயந்திரம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.