சிவப்புக் கோட்டுக்கு அப்பால்: பாடசாலை முகாமைத்துவத்தில் பரிமாற்றத் தலைமைத்துவமும் நிலைமாற்றுத் தலைமைத்துவமும்

காலை 7.30க்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் அதிபர் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டால் பிந்தியவர். திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியா தாண்டி மூதூர்ப் பக்கம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோட்டின் கனம் நன்றாகத் தெரியும். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் போதும்.

பரிமாற்றத் தலைமைத்துவத்துக்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை. கடமையைச் செய்தால் நன்மை, தவறினால் விளக்கம் கோரல். அரசியல் தலைமையை ஆராய்ந்த ஜேம்ஸ் மக்கிரகர் பேர்ன்ஸ் 1978இல் இதையும், தலைவரும் தொண்டரும் ஒருவரையொருவர் உயர்த்தும் நிலைமாற்றுத் தலைமையையும் வேறுபடுத்தினார். 1985இல் பேர்னாட் பாஸ் இக்கருத்தை நிறுவனங்களுக்கு விரித்தார். முன்மாதிரியாக நிற்றல், ஊக்கமூட்டல், சிந்தனையைத் தூண்டல், ஒவ்வொருவரையும் தனித்துக் கவனித்தல் என்பன நிலைமாற்றுத் தலைமையின் கூறுகள். பேர்ன்ஸ் இரண்டையும் எதிரெதிராகவே வைத்தார். ஒரே தலைவரிடம் இரண்டும் இருக்கலாம் என்றார் பாஸ். பாடசாலைக்குப் பாஸ் சொன்னதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில் சாதாரண தரக் கணிதப் பெறுபேறு தொடர்ந்து வீழ்ந்தது. அப்போதைய அதிபர் பின்னேர வகுப்பைக் கட்டாயமாக்கினார். வகுப்பெடுப்போருக்கு, வராத ஆசிரியர்களின் பாடவேளைகளைப் போடுவதில்லை என்றும் சொன்னார். சரி, வகுப்புகள் ஒழுங்காக நடந்தன, பதிவுப் புத்தகமும் நிறைந்தது. ஆனால் பிள்ளைகள் கரும்பலகையில் இருந்த கடந்தகால வினாக்களின் விடைகளைக் கொப்பியில் பார்த்தெழுதினார்கள், அவ்வளவுதான். நேரத்தைத்தான் பேரம் பேசி வாங்க முடிந்தது.

அடுத்து வந்தவர் தரம் 9 வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பிள்ளை 84ஐ 7ஆல் வகுக்க முடியாமல் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தார். மேற்பார்வைப் புத்தகத்தைத் திறக்காமல் ஆசிரியரிடம் கேட்டார்: "சேர், இந்தப் பிள்ளை எந்த வகுப்பில விட்டது எண்டு கண்டுபிடிப்பமா?" அந்த ஒரு கேள்வியிலிருந்து மூன்று கணித ஆசிரியர்களும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். தரம் 6 பாடத்திலிருந்து சின்னச் சின்னப் பயிற்சிகளைத் தாங்களே எழுதினார்கள். யாரும் பணிக்கவில்லை.

இந்த நிலைமாற்றுத் தலைமைக்கும் ஆபத்து உண்டு. 'இலட்சியம்' என்ற பெயரில் களைத்த ஆசிரியரிடம் மேலும் வேலை வாங்கலாம். கடமைப் பட்டியலில் நியாயம் இல்லாவிட்டால் ஊக்கப் பேச்சு எடுபடாது. பிந்தி வருபவர்களில் சிலரை மட்டும் கண்டும் காணாமல் விடுகிற அதிபரின் தொலைநோக்கை யார் நம்புவார்? அப்புறம், அதிபர் இடமாற்றம் பெற்றால் எல்லாம் கலைந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது.

கடைசி வாங்கில் உட்கார்ந்த அந்த அதிபரும் மாற்றலாகிப் போனார். கணித ஆசிரியர்களின் புதன்கிழமைக் கூட்டம் இன்றும் நடக்கிறது. போவதற்கு முன்பே நேரசூசியில் மூவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளையை ஒதுக்கி, அதில் வேறு கடமை போடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்.