10 'இ' பெற்றோர் குழுவுக்கு: விடைபெறும் முன் பாடக் கணக்கு

10-ஆம் வகுப்பு 'இ' பிரிவுப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை, நவம்பர் 21, இந்தப் பள்ளியில் எனக்குக் கடைசி வேலை நாள். வீட்டுக்காரருக்குச் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது, குடும்பத்தோடு கிளம்புகிறோம். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் போகிறார்களே என்று உங்களில் சிலருக்கு வருத்தம் இருக்கும். அது நியாயம்தான். ஆகவே இந்தச் செய்தியில் பிரியாவிடை கொஞ்சமாகவும் பாடக் கணக்கு நிறையவும் இருக்கும். நேரம் ஒதுக்கிப் படித்துவிட்டு, பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.

24-ஆம் தேதி திங்கள் முதல், 'ஆ' பிரிவுக்கு அறிவியல் எடுக்கும் சாரே நம் பிரிவுக்கும் வருகிறார். போன வாரம் முழுக்க நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனித்தார். இரண்டாம் இடைத்தேர்வு விடைத்தாள்கள் அனைத்தையும் பார்த்துவிட்டார். யாருக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்று பிள்ளை வாரியாக எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டியலை இங்கே போட மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம். உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் அவரிடம் நேரில் கேளுங்கள்.

அவர் கணக்குப் போடும் முறை என் முறையிலிருந்து கொஞ்சம் மாறும். முதல் இரண்டு வாரம் "மிஸ் இப்படிச் சொல்லலையே" என்று பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வார்கள். அதைப் புகாராக்கித் தலைமையாசிரியர் வரை கொண்டுபோக வேண்டாம். படிகளும் விடையும் அலகும் சரியாக இருந்தால் எந்த முறைக்கும் மதிப்பெண் ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காக அவசரப்பட்டு டியூஷன் மாற்றுவதையும் நான் ஆதரிக்கவில்லை. பள்ளியில் ஒரு முறை, டியூஷனில் ஒரு முறை, என்னுடையது ஒரு முறை என்று மூன்றானால் குழம்புவது பிள்ளைதான்.

இனி பாடம். புத்தகத்தில் மொத்தம் 23 அலகுகள். 18 முடிந்துவிட்டன. பாக்கி இருப்பவை: 6 (அணுக்கரு இயற்பியல்), 11 (கார்பனும் அதன் சேர்மங்களும்), 20 (இனக்கலப்பும் உயிரித் தொழில்நுட்பமும்), 22 (சுற்றுச்சூழல் மேலாண்மை), 23 (காட்சித் தொடர்பு). என் கணக்குப்படி இவற்றுக்கு 24 பாடவேளை வேண்டும்: கார்பனுக்கு 8, அணுக்கருவுக்கு 7, இருபதாம் அலகுக்கு 5, சுற்றுச்சூழலுக்கு 3, காட்சித் தொடர்புக்கு ஒன்று. வாரத்துக்கு 8 பாடவேளை இருப்பதால் மூன்று வாரத்தில் முடியும். மழைக்கு லீவு விட்டால் இழுக்கும். அப்போது சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைப்பதாகச் சார் சொல்லியிருக்கிறார். திருமங்கலம், சமயநல்லூர் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளையும் அன்று தவறாமல் அனுப்புங்கள். அரையாண்டுக்கு முழுப் பாடமும் உண்டு.

பாக்கி உள்ளவற்றில் கார்பன் பாடம்தான் பெரியது. பெயரிடும்போது பிள்ளைகள் கார்பன் சங்கிலியை எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே எண்ணத் தொடங்குவார்கள். வினைச்செயல் தொகுதிக்குச் சிறிய எண் வரும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அணுக்கருவில் ஆல்பா சிதைவு என்றால் நிறை எண்ணில் 4, அணு எண்ணில் 2 குறையும். பீட்டா என்றால் நிறை எண் மாறாது, அணு எண்ணில் 1 கூடும். இந்த இரண்டு வரி மனதில் நின்றால் அந்தப் பாடத்துச் சமன்பாடுகளில் பயமில்லை.

நடத்தி முடித்த பாடங்களில் எங்கே மதிப்பெண் போகிறது என்று இப்போது சொல்கிறேன். பார்ப்பதற்கு நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து வைத்துச் சரிபார்த்தால் போதும்.

லென்ஸ் கணக்கில் பொருளின் தூரம் u எப்போதும் மைனஸ். பொருள் 30 செ.மீ.யில், பிம்பம் மறுபக்கம் 15 செ.மீ.யில் என்றால் 1/f = 1/15 + 1/30, அதாவது f = 10 செ.மீ. மைனஸை விட்டுவிட்டால் 30 என்று வரும். அது தவறு என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் விடை அழகாக முழு எண்ணாக இருக்கும். மின்தடைகளைப் பக்க இணைப்பில் போடும் கணக்கில் 2 ஓம், 3 ஓம் கொடுத்தால் 1/R = 5/6 வரை சரியாக வந்து, 5/6 தான் விடை என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தலைகீழாக்கி 1.2 ஓம் என்று எழுத வேண்டும். இயக்க விதிகளில் மணிக்கு 72 கி.மீ. என்பதை 20 மீ/வி என்று மாற்றாமல் நேரே சூத்திரத்தில் போடுகிறார்கள். இந்த மூன்றும் வகுப்பில் பாதிப்பேருக்கு இருக்கிறது.

மரபியலில் ஒருபண்புக் கலப்பின் புறத்தோற்ற விகிதம் 3:1, ஜீனாக்க விகிதம் 1:2:1. கேள்வி எதைக் கேட்கிறது என்று வாசிக்காமல் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். இருபண்புக் கலப்புக்கு 16 கட்டம் போட்டே ஆக வேண்டும். 9:3:3:1 என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் முழு மதிப்பெண் கிடைக்காது. படங்களில் இதயத்தின் உள்ளமைப்பு, நியூரான், பசுங்கணிகம் மூன்றையும் வாரம் ஒருமுறை புத்தகம் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். பென்சிலில் வரையட்டும், நிழல் தீட்ட வேண்டாம், பாகம் குறிக்கும் கோடு பாகத்தைத் தொட்டு நிற்கட்டும்.

வினாத்தாள் 75 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண்ணில் 10 கொடுத்து 7 எழுத வேண்டும், நான்கு மதிப்பெண்ணிலும் அப்படியே 10-க்கு 7, ஏழு மதிப்பெண் 3. இரண்டிலும் நான்கிலும் கடைசிக் கேள்வி, 22-ஆவதும் 32-ஆவதும், கட்டாயம். அவை பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும். "எனக்குக் கணக்கு வராது, சாய்ஸில் விட்டுவிடுவேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு இதைப் புரிய வையுங்கள்: அந்த இரண்டையும் விட முடியாது.

தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 20, செய்முறையில் 25-க்கு 15, மொத்தம் 35 வேண்டும். இருபதையே எட்டத் தடுமாறும் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு, அந்தப் பெற்றோரிடம் தனியாகப் பேசிவிட்டேன். அவர்களுக்குப் புத்தகம் முழுவதையும் புரட்டும் வேலை வேண்டாம். பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள், வரையறைகள், மேலே சொன்ன மூன்று படம் ஆகியவற்றோடு தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் இருபதைத் தாண்டலாம். காலையில் படிப்பதா, இரவில் படிப்பதா என்பதில் எனக்குக் கருத்தில்லை. போன் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செய்முறைக்கு ரெக்கார்டு நோட்டுகள் லேப் அலமாரியின் மேல் தட்டில், பதிவெண் வரிசையில் இருக்கின்றன. 34 பேர் முடித்துக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. நான்கு பேர் மின்தடைச் சோதனையை இன்னும் எழுதவில்லை, அந்த நால்வருக்கும் தெரியும். அதில் கவனிக்க வேண்டியது: அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் எடுக்கும்போது முதலில் சுழிப் பிழை பார்க்க வேண்டும். பிறகு விட்டத்தைப் பாதியாக்கி ஆரமாக்க வேண்டும். பாதியாக்க மறந்தால் விடை நான்கு மடங்காகும். மி.மீ.யை மீட்டராக்க மறந்தால் எங்கேயோ போய்விடும். குவிலென்ஸ் சோதனையில் தூரத்தை ஸ்டாண்டின் ஓரத்திலிருந்து அளக்காமல் லென்ஸின் நடுவிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

பொங்கல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் வரிசையாக ஜல்லிக்கட்டு. பார்க்கக் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நம் ஊரில் நடக்காது. ஆனால் விடுமுறை முடிந்த கையோடு முதல் திருப்புதல் தேர்வு. வாடிவாசல் பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டில் விருந்தாளிகள் வந்து குவிவதற்கு முன்பே, போகிக்கு முந்திய வாரத்திலேயே இயற்பியலை ஒருமுறை முடித்து வைத்துவிடுங்கள். வீட்டில் இடம் இல்லாதவர்கள் நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்பலாம், அங்கே உட்கார்ந்து படிக்க வசதி நன்றாக இருக்கிறது.

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்காக அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். பிள்ளையின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், முதலெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிள்ளையிடம் கொடுத்து "சரின்னு எழுதிக் கொடுத்துடு" என்று அனுப்ப வேண்டாம். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு திருத்த அலைவது நீங்கள்தான். தேர்வு அட்டவணையை dge.tn.gov.in தளத்தில் பாருங்கள், குழுக்களில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம்.

பணக் கணக்கு: ரெக்கார்டு நோட்டு, கிராப் தாள், சார்ட் செலவுக்குத் தலைக்கு 120 ரூபாய் வாங்கினேன். 38 பேருக்கு 4,560. செலவு 4,085. மீதி 475 ரூபாயையும் பில்களையும் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்தக் குழுவின் அட்மின் பொறுப்பை இன்றிரவு வகுப்பாசிரியருக்கு மாற்றிவிட்டு, வெள்ளி மாலை நான் வெளியேறிவிடுவேன். அதன் பிறகு பாடச் சந்தேகங்களை எனக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் சாரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும், நடுவில் நான் இருந்தால் பழக மாட்டார்கள். ரிசல்ட் அன்று மட்டும் போன் பண்ணுங்கள். எத்தனை மார்க் என்றாலும் சொல்லுங்கள்.

திட்டினாலும் கண்டித்தாலும் "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பின்னால் நின்றீர்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுத்தீர்கள். கேட்டபோதெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தீர்கள். எல்லோருக்கும் நன்றி.

வெள்ளியன்று மாலை 4.15 முதல் 5.30 வரை லேபில்தான் இருப்பேன். இடைத்தேர்வு விடைத்தாள் இன்னும் வாங்காத ஆறு பேரின் பெற்றோர் அதற்குள் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேக், சால்வை எதுவும் வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளின் சயின்ஸ் மிஸ்